பணமில்லாமல் வந்து சேரும் கடமைகள்: இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் கடனில் மூழ்கியது எப்படி?

நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. அந்தச் சட்டம் குடிமக்களுக்கு ஓர் உரிமையைக் கொடுக்கிறது. அந்த உரிமையை நிறைவேற்றும் கடமை உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. அதற்கான பணம் மட்டும் முழுமையாக வந்து சேருவதில்லை.

உலகின் பல நாடுகளில் காணப்படும் இந்த நிலைமையை "நிதியில்லாக் கட்டளை" என்று அரச நிதித்துறை வல்லுநர்கள் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் இது 1990களில் பெரும் அரசியல் பிரச்சினையாகி, 1995ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் கட்டளை எவ்வாறு பிறக்கிறது, பணம் எந்த இடத்தில் நின்றுபோகிறது, சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதைத் தெளிவாகக் காண, அண்மைக் கால இங்கிலாந்தில் சிறப்புக் கல்வித் தேவை கொண்ட பிள்ளைகளின் விடயத்தைப் பார்ப்பதே பொருத்தமானது.

லண்டனின் ஹாரோ, குரோய்டன், ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரும், அதற்கான காத்திருப்பும் நன்கு பழக்கமானவை.

2014ஆம் ஆண்டுச் சட்டம்

2014ல் அன்றைய கூட்டணி அரசாங்கம் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்டிசம், பேச்சுக் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற காரணங்களால் சாதாரண வகுப்பறை ஏற்பாடுகள் போதாத பிள்ளைகளுக்கு, "கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்" என்ற ஆவணம் அந்தச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. முன்பிருந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டம், 25 வயது வரை நீடிக்கக்கூடியது.

இந்த ஆவணம் வெறும் பரிந்துரை அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் தனி உதவியாளர், இத்தனை முறை பேச்சுப் பயிற்சி என்று அதில் எழுதப்பட்டுவிட்டால், சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அந்தக் கல்வி உதவிகளை உள்ளூராட்சி மன்றம் ஏற்பாடு செய்தே ஆகவேண்டும். "இயன்றவரை" என்ற சொல்லோ, "நிதி நிலைமைக்கு உட்பட்டு" என்ற சொல்லோ அந்தப் பிரிவில் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கமும் உண்டு. பேச்சுப் பயிற்சி என்பது மருத்துவச் சேவை, ஆகவே தேசிய சுகாதாரச் சேவைதான் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் ஒரு சிகிச்சை பிள்ளைக்குக் கற்பிக்கவோ பயிற்றவோ உதவுகிறது என்றால், அது கல்வி உதவியாகவே கருதப்படும் என்று இதே சட்டம் சொல்கிறது. ஆகவே சுகாதாரச் சேவையின் பட்டியலில் இடமில்லாமல் போனாலும், இறுதிப் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்திடமே வந்து நிற்கிறது.

2015 ஜனவரியில் இத்தகைய ஆவணம் பெற்றிருந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். 2025 ஜனவரியில் அந்த எண்ணிக்கை 6 லட்சத்து 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதற்கெனப் பணமே ஒதுக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024-25 நிதியாண்டில் சுமார் 1,070 கோடி பவுண்டுகள் இதற்கு ஒதுக்கப்பட்டதாகவும், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் பத்தாண்டுகளில் இது 58 சதவீத உயர்வு என்றும் பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2024 அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் கடமை ஒவ்வொரு பிள்ளையின் உரிமையாக, எல்லையின்றி வகுக்கப்பட்டிருக்கிறது. பணமோ ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகையாக, எல்லை வகுத்துத் தரப்படுகிறது. நிதியில்லாக் கட்டளை என்றவுடன் ஒரு காசும் தரப்படாத கட்டளை என்றே பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது.

ஒரு பிள்ளை, மூன்று பணப்பைகள்

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் ஊரிலுள்ள சாதாரணப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்குத் தேவைப்படும் கூடுதல் உதவியில் ஆண்டுக்கு முதல் 6,000 பவுண்டுகளைப் பள்ளி தன் சொந்த வரவுசெலவிலிருந்து செலவிட வேண்டும் என்பது 2013ல் வகுக்கப்பட்ட விதி. அதற்கு மேல் ஆகும் செலவை உள்ளூராட்சி மன்றம் ஈடுசெய்யும்.

பள்ளிகளின் நிதி நெருக்கடி முற்றியபோது இந்த விதியே ஓர் எதிர்விளைவை ஏற்படுத்தியது. தன் பணத்தில் உதவ முடியாத பள்ளி, "முறையான ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லத் தொடங்குகிறது. ஆவணம் கிடைத்துவிட்டால் கூடுதல் பணம் வழக்கமாக வந்துவிடும். கிடைக்காவிட்டால் அதற்கு எந்த நிச்சயமும் இல்லை. ஆகவே முன்பெல்லாம் ஓர் ஆசிரியையின் கூடுதல் கவனத்தோடு சமாளிக்கப்பட்ட தேவையும் சட்ட உரிமையாக மாறுகிறது.

சிறுவனின் நிலைமை சாதாரணப் பள்ளியில் மோசமடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குச் சிறப்புப் பள்ளி தேவை என்று முடிவாகிறது. அரசு சிறப்புப் பள்ளியில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 23,900 பவுண்டுகள் ஆகின்றன. ஆனால் அங்கே இடமில்லை. தனியார் சிறப்புப் பள்ளியில் இடமிருக்கிறது. அங்கே சராசரிச் செலவு 61,500 பவுண்டுகள். இவ்விரண்டும் தேசிய தணிக்கை அலுவலகம் தரும் கணக்குகள்.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது செலவையும் கருத்தில் கொள்ளச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. ஆனால் குறைந்த செலவிலான பொருத்தமான இடம் ஒன்று உண்மையிலேயே இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். அரசுப் பள்ளிகளில் இடங்களைப் பெருக்காமல் விட்டதன் விலையை உள்ளூராட்சி மன்றம் இங்கே கொடுக்கிறது. புதிய பள்ளிகளைக் கட்டும் மூலதன நிதியைப் பெரும்பாலும் முடிவு செய்வது மத்திய அரசாங்கம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்தத் தனியார் பள்ளி 30 மைல் தொலைவில் இருக்கிறது. நடந்து செல்ல முடியாத தொலைவு என்பதால், போக்குவரத்தை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டிய இன்னொரு சட்டக் கடமை எழுகிறது. தினமும் ஒரு டாக்சி வருகிறது. அதில் ஒரு துணையாளும் வரக்கூடும்.

இப்போது பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் 6,000 பவுண்டுகள் பள்ளியின் பணம். தனியார் பள்ளிக் கட்டணம், கல்வி அமைச்சு பள்ளிகளுக்கென்றே தரும் தனி மானியத்திலிருந்து வருகிறது. டாக்சிக் கட்டணம் அந்த மானியத்தில் அடங்காது. அது நூலகத்துக்கும் பூங்காவுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பணம் வரும் அதே பொது நிதியிலிருந்து செல்கிறது. ஒரே பிள்ளை, ஒரே தேவை. ஆனால் பற்றாக்குறை மூன்று வெவ்வேறு கணக்குகளில் பதிவாகிறது. மொத்தச் சுமை எவ்வளவு என்பது நீண்டகாலம் பொதுமக்களின் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"பணம் இல்லை" என்பது பதிலாகுமா?

பணம் போதாதபோது உள்ளூராட்சி மன்றம் சேவையைக் குறைத்துக்கொள்ளலாகாதா என்ற கேள்வி எழுவது இயற்கை. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இதற்கு ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் இரு வேறு விடைகளைத் தந்திருக்கின்றன.

1997ல் குளொஸ்டர்ஷையர் கவுண்டி தொடர்பான வழக்கில், வயதான, உடல் ஊனமுற்ற ஒருவருக்கு வீட்டைத் துப்புரவு செய்யவும் துணி துவைக்கவும் தரப்பட்டுவந்த உதவி நிதிக் குறைவால் நிறுத்தப்பட்டது. ஒருவரின் தேவையை மதிப்பிடும்போது தன் நிதி நிலைமையையும் மன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று அன்று உச்ச மேல்முறையீட்டு அமைப்பாக இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு, 1998ல், ஈஸ்ட் சஸெக்ஸ் கவுண்டி தொடர்பான வழக்கு வந்தது. நோயினால் பள்ளிக்குச் செல்ல இயலாத ஒரு சிறுமிக்கு வீட்டில் வாரம் ஐந்து மணி நேரம் பாடம் சொல்லித் தரப்பட்டது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அது மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. இம்முறை பிரபுக்கள் சபை இணங்கவில்லை. பிள்ளைக்குப் பொருத்தமான கல்வி எது என்பது கல்வி சார்ந்த கேள்வி, மன்றத்தின் பணப்பெட்டி அதற்கு விடை சொல்ல முடியாது என்பதே பிரௌன்-வில்கின்சன் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம். மன்றத்திடம் பணம் இருக்கத்தான் செய்கிறது, அதை வேறு காரியங்களுக்குச் செலவிட விரும்புகிறது, கட்டாயக் கடமை இருக்கும்போது அப்படிச் செய்யலாகாது என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

பிற்காலத்தில் நடந்த பலவற்றுக்கும் திறவுகோல் இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கடமையின் சொற்கள் எவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அது மற்றச் செலவுகளை முந்திச் செல்கிறது. இறுக்கமான சொற்கள் இல்லாத சேவைகள் இடம் கொடுத்து ஒதுங்குகின்றன. இளைஞர் மையங்களும், குறைந்த நேரமே திறந்திருக்கும் நூலகங்களும், தெருத் துப்புரவும் அந்த வகையில் பாதிக்கப்பட்டவை. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பறிகொடுத்தவர்களுக்கு, வழக்குத் தொடர எவ்வித உரிமையும் இல்லை.

சிறப்புக் கல்வி விடயத்தில் பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. அதற்கெனத் தனித் தீர்ப்பாயம் இயங்குகிறது. 2022-23ல் அங்கு தீர்ப்பு வரை சென்ற மேல்முறையீடுகளில் 98 சதவீதம் முழுமையாகவோ ஓரளவுக்கோ பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தன. இத்தனை வழக்குகளில் தோற்போம் என்று தெரிந்தும் மன்றங்கள் ஏன் மறுக்கின்றன என்று கேட்கலாம். மறுப்பினால் செலவு சில மாதங்களாவது தள்ளிப்போகிறது. எல்லாப் பெற்றோரும் வழக்குத் தொடர்வதுமில்லை. ஆங்கிலம் சரளமாக வராத, சட்ட உதவி தேடத் தெரியாத பெற்றோர் இதில் பின்தங்கிவிடும் அபாயம் அதிகம். ஆவணம் 20 வாரங்களுக்குள் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் 2023ல் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் அது காலத்தில் கிடைத்தது. பணமில்லாத கடமை, வரிசையாகவும் தாமதமாகவும் உருமாறி மக்களிடம் வருகிறது.

தடுப்பு ஏற்பாடு ஏன் பயன்படவில்லை?

இத்தகைய நிலைமையைத் தவிர்ப்பதற்கென்றே பிரிட்டனில் "புதிய சுமைகள்" கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்கள் மீது புதிய கடமையைச் சுமத்தும் அமைச்சு, அதன் நிகரச் செலவை மதிப்பிட்டு முழுமையாகத் தரவேண்டும் என்பது அதன் பொருள்.

ஆனால் இது சட்டமல்ல, அரசாங்கம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட நடைமுறை. செலவை மதிப்பிடுவதும் பணம் தரவேண்டிய அதே அமைச்சுதான். 2014 சீர்திருத்தத்தின்போது, புதிய முறைக்கு மாறுவதற்கான மானியம் தரப்பட்டது. மாறுவதற்கு ஆகும் செலவைவிடக் கிடைக்கும் சேமிப்பும் பயன்களும் மிக அதிகமாக இருக்கும் என்று கல்வி அமைச்சு எதிர்பார்த்ததாகத் தேசிய தணிக்கை அலுவலகம் 2019ல் குறிப்பிட்டது. பெற்றோருடன் இணக்கமாகப் பேசினால் வழக்குகள் குறையும் என்பது அந்த எதிர்பார்ப்பின் ஒரு பகுதி. நடந்தது நேர்மாறானது.

ஒரு கடமையின் விலையை அது பிறக்கும் நாளில் கணக்கிட்டுவிட்டு, அது வளரும்போது திரும்பக் கணக்கிடாமல் விடுவதே இந்தக் கோட்பாட்டின் பெருங்குறை எனலாம்.

மற்ற நாடுகளின் தடுப்புச் சுவர்களிலும் துளைகள் உண்டு. அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டங்களுக்குப் பொருந்தாது; மத்திய மானியம் பெறுவதற்கான நிபந்தனைகளையும் அது பெரும்பாலும் கட்டளையாகக் கருதுவதில்லை. அங்கும் சிறப்புக் கல்வி அப்படித்தான் வெளியே நிற்கிறது. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசாங்கம் ஏற்கும் என்று 1975ல் பேசப்பட்டது. ஒருபோதும் அந்த அளவை அது எட்டியதில்லை. ஜெர்மனி 2006ல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மத்தியச் சட்டத்தின் மூலம் நகராட்சிகளுக்கு நேரடியாகக் கடமைகளை ஒப்படைப்பதையே தடைசெய்தது. அங்கே மாநில அரசுகள் கடமையை ஒப்படைக்கும்போது செலவையும் ஈடுசெய்ய வேண்டும் என்று மாநில அரசியல் சட்டங்கள் கூறுகின்றன. ஆனாலும் எது புதிய கடமை, எது பழைய கடமையின் வளர்ச்சி என்ற வழக்கு அங்கும் ஓயவில்லை.

ஏட்டில் மறைக்கப்பட்ட கடன்

இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் பற்றாக்குறையை எங்கே கொண்டுபோய் வைத்தன என்பது இந்தக் கதையின் விசித்திரமான பகுதி.

அன்றாடச் செலவுக்காக அவை கடன் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்டுதோறும் வரவும் செலவும் சமமாக வேண்டும். மன்ற வரியை விருப்பம்போல் உயர்த்தவும் முடியாது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான மன்றங்கள் 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. செலவுக்கு ஏற்ற வருவாய் இல்லை என்று தலைமை நிதி அதிகாரி கருதினால், 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அறிவிப்பு விடுக்க வேண்டும். புதிய செலவுகள் அத்தோடு நிறுத்தப்படும். செய்தித்தாள்கள் இதைத் திவால் என்று எழுதினாலும், சட்டப்படி இங்கிலாந்தில் ஒரு மன்றம் திவாலாக முடியாது. குரோய்டன் 2020லும், பர்மிங்ஹாம் 2023லும் இந்த அறிவிப்பை விடுத்தன. அவற்றின் உடனடிக் காரணங்கள் வேறு. குரோய்டனில் சொத்து முதலீடுகளும், பர்மிங்ஹாமில் சம ஊதியக் கோரிக்கைகளும் பெரும்பங்கு வகித்தன.

சிறப்புக் கல்விப் பற்றாக்குறையையும் வழக்கமான விதிப்படி கணக்கில் சேர்த்திருந்தால், மேலும் பல மன்றங்கள் இதே அறிவிப்பை விடுக்க நேர்ந்திருக்கும். ஆகவே 2020ல் அரசாங்கம் ஒரு விதிவிலக்கைக் கொண்டுவந்தது. பள்ளி மானியத்தில் ஏற்படும் பற்றாக்குறையை மன்றத்தின் பொதுக் கணக்கில் சேர்க்காமல் தனி ஏட்டில் ஒதுக்கி வைக்கலாம் என்பதே அது. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த இந்த விலக்கு, முதலில் 2026 மார்ச் வரையும், பின்னர் 2028 மார்ச் வரையும் நீட்டிக்கப்பட்டது.

ஏட்டை மாற்றி வைத்தாலும் செலவு நின்றுவிடவில்லை. பள்ளிக்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அதற்காக மன்றங்கள் தம் கையிருப்பை எடுத்தன; அல்லது வேறு தேவைக்குக் கடன் வாங்கின. அதன் வட்டியும், கையிருப்பால் கிடைத்திருக்கவேண்டிய வருவாயின் இழப்பும் பொது நிதியையே அரித்தன. மறைத்து வைக்கப்பட்ட கடன், 2026 மார்ச்சுக்குள் 430 கோடிக்கும் 490 கோடிக்கும் இடைப்பட்ட பவுண்டுகளை எட்டும் என்று தேசிய தணிக்கை அலுவலகம் 2024ல் கணித்தது. அன்றிருந்த ஏற்பாட்டின்படி விலக்கு முடிவடைந்தால், 43 சதவீத மன்றங்கள் 114ஆம் பிரிவு அறிவிப்பை நோக்கித் தள்ளப்படலாம் என்றும் அது எச்சரித்தது.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு திருப்பத்தை அறிவித்தது. 2028-29 முதல் இந்தச் செலவை மத்திய அரசாங்கமே தன் மொத்த ஒதுக்கீட்டுக்குள் சமாளிக்கும் என்பதே அந்த அறிவிப்பு. அந்த ஓராண்டிலேயே சுமார் 600 கோடி பவுண்டுகள் பற்றாக்குறை ஏற்படும் என்றும், அதை எப்படி ஈடுசெய்வது என்பது விளக்கப்படவில்லை என்றும் வரவுசெலவுத் திட்டங்களைச் சுயாதீனமாக ஆராயும் அலுவலகம் அப்போது கூறியது.

கடமையின் விலையை முதன்முறையாக, கடமையை உருவாக்கியவரின் கணக்கில் எழுதும் முயற்சி என்று இதைக் கருதலாம். ஆனால் ஏழு வயதுச் சிறுவனின் டாக்சிக் கட்டணம் அந்த ஒதுக்கி வைக்கப்பட்ட ஏட்டில் எந்தக் காலத்திலும் எழுதப்பட்டதில்லை. அது ஒவ்வோர் ஆண்டும் பொது நிதியிலிருந்து செலவாகி, அந்தந்த ஆண்டின் நூலகத்திலும் இளைஞர் மையத்திலும் கழிக்கப்பட்டுவிட்டது.